சம மதிப்பெண்ணுக்குப் பின் வரும் ரேங்க்

கேள்வி: ஐயா, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு ரேங்க் போடுகிறேன். 36 பிள்ளைகள். 487 மதிப்பெண் எடுத்து இரண்டு பேர் இரண்டாம் ரேங்கில் நிற்கிறார்கள். அடுத்து 482 எடுத்த பையனுக்கு மூன்றா, நான்கா? எக்செல் நான்கு என்று காட்டுகிறது. பள்ளியின் பழைய ரெஜிஸ்டரில் இப்படிப்பட்ட இடத்தில் மூன்று என்று எழுதியிருக்கிறார்கள். முதல் மூன்று ரேங்குக்கு ஆண்டு விழாவில் கோப்பை உண்டு என்பதால் கேட்கிறேன்.

பதில்:

அந்தப் பையனுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணினால் மூன்று பேர். ஆகவே அவன் நான்காவது. அவன் மதிப்பெண்ணுக்கு மேல் எத்தனை விதமான மதிப்பெண்கள் இருக்கின்றன என்று எண்ணினால் இரண்டுதான்; ஆகவே அவன் மதிப்பெண் மூன்றாவது. எக்செல் ஆட்களை எண்ணியிருக்கிறது, பழைய ரெஜிஸ்டர் மதிப்பெண்களை எண்ணியிருக்கிறது. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. உங்கள் பள்ளிக்கு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

மாலையில் இருட்டுக்கடை முன் அல்வாவுக்கு நிற்பவருக்குத் தெரிய வேண்டியது தமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. குறுக்குத்துறையில் தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்திருப்பவரை மேலிருந்து எத்தனையாவது படியில் இருக்கிறார் என்று கேட்டால், மேல்படிகளில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் விடை மாறாது. ஆட்களை எண்ணுவதைப் போட்டித் தரவரிசை என்றும், படிகளை எண்ணுவதை அடர் தரவரிசை என்றும் சொல்லலாம். முதல் முறைக்குப் போட்டி என்ற பெயர் பொருந்துவது விளையாட்டில் அதுவே வழக்கம் என்பதால். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் உயரம் தாண்டுதலில் கத்தார் வீரரும் இத்தாலி வீரரும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்து வந்த பெலாரஸ் வீரருக்கு வெண்கலம்தான் கிடைத்தது. அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்ததால் இரண்டாம் இடம் என்ற ஒன்று அந்தப் போட்டியில் இல்லாமலே போயிற்று.

உங்கள் வகுப்பின் மேல்வரிசையை நானாக ஒரு மாதிரிக்கு இட்டுக்கொள்கிறேன். பெயர்களும் நான் வைத்தவையே.

| பெயர் | மொத்தம் (500) | போட்டித் தரவரிசை | அடர் தரவரிசை |
|---|---|---|---|
| காந்திமதி | 491 | 1 | 1 |
| இசக்கியம்மாள் | 487 | 2 | 2 |
| சுடலைமுத்து | 487 | 2 | 2 |
| ஆறுமுகம் | 482 | 4 | 3 |
| பேச்சியம்மாள் | 479 | 5 | 4 |
| மாரியப்பன் | 479 | 5 | 4 |
| வேலம்மாள் | 479 | 5 | 4 |
| செல்வி | 474 | 8 | 5 |

சம மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஒரே எண் என்பதில் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு அவர்களுக்கு அடுத்து வருபவரிடம் தொடங்குகிறது. போட்டித் தரவரிசையில் ஒரு எண்ணை எத்தனை பேர் பகிர்ந்துகொண்டார்களோ அத்தனை எண்கள் தள்ளி அடுத்த எண் வரும்: ஐந்தாம் எண்ணில் மூன்று பேர் இருப்பதால் ஆறும் ஏழும் விடுபட்டு எட்டு வருகிறது. கையால் எழுதிய பட்டியலைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஒரு எண்ணோடு அந்த எண்ணில் நிற்பவர்களின் தொகையைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்க வேண்டும். அடர் தரவரிசையில் எண் எதுவும் விடுபடாது. கடைசி எண்ணைப் பார்த்தால் வகுப்பில் எத்தனை விதமான மொத்தங்கள் வந்திருக்கின்றன என்பது தெரியும்; எத்தனை பிள்ளைகள் என்பது தெரியாது.

இதுவரை சொன்னதை யாரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது அடர் தரவரிசையில் இருக்கும் ஒரு குணத்தைப் பற்றி. முப்பது ஆண்டுக் காலம் கணக்கு ஆசிரியராக இருந்தும், அது என் வகுப்பிலேயே நடந்த பிறகுதான் எனக்கு அதன் முழுப் பொருளும் புரிந்தது.

மேலே உள்ள பட்டியலில் சுடலைமுத்துவின் அறிவியல் தாளை மறுபடி கூட்டிப் பார்த்ததில் ஒரு மதிப்பெண் விட்டுப்போயிருந்தது தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய மொத்தம் 488 ஆகிறது. போட்டித் தரவரிசையில் அவன் இரண்டிலேயே இருப்பான், இசக்கியம்மாள் மூன்றுக்கு இறங்குவாள், ஆறுமுகம் முதல் செல்வி வரை எவருடைய எண்ணும் மாறாது. மாறுவதற்குக் காரணமும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களே இப்போதும் முன்னால் இருக்கிறார்கள். அடர் தரவரிசையிலோ 488 என்று புதிதாக ஒரு படி முளைத்துவிட்டதால், 487 மூன்றாம் படியாகி, ஆறுமுகம் மூன்றிலிருந்து நான்குக்கும், 479 எடுத்த மூவரும் நான்கிலிருந்து ஐந்துக்கும், செல்வி ஐந்திலிருந்து ஆறுக்கும் இறங்குவார்கள். வகுப்பின் கடைசிப் பிள்ளை வரை எல்லோருக்கும் ஒரு ரேங்க் குறையும். அவர்களில் எவருடைய மதிப்பெண்ணும் குறையவில்லை. எவரையும் எவரும் முந்தவுமில்லை. ஆறுமுகத்தின் கோப்பை மட்டும் போய்விடும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தபோது இதுவே நடந்தது. பள்ளி வழக்கப்படி படிகளை எண்ணி ரேங்க் போட்டு அட்டைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் மேலே ஒரு பையனுக்கு மறுகூட்டலில் ஒரு மதிப்பெண் ஏறியதால், அட்டைகளைத் திரும்ப வாங்கி, பழைய எண்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் புதிய எண்களை எழுதிக் கொடுத்தேன். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய், மடியில் இலைத்தூள் ஒட்டியிருக்க அப்படியே எழுந்து பள்ளிக்கு வந்து, அட்டையை என் மேசையில் வைத்துக் கேட்டார்: "நேத்து அஞ்சுன்னீய, இன்னைக்கு ஆறுங்கீய. எம்பிள்ளைய தாண்டிப் போனது யாரு சார்?" யாரும் தாண்டிப் போகவில்லை என்பதே உண்மையான விடை. அந்த விடையைச் சொன்னால், பிறகு ஏன் எண் குறைந்தது என்ற அடுத்த கேள்விக்கு அவர் ஏற்கும்படி ஒரு பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. ரேங்க் என்றால் முன்னால் எத்தனை பேர் என்றுதான் அவர் புரிந்துகொண்டிருந்தார். பெற்றோரில் பெரும்பாலோர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள், அந்தப் புரிதலில் தவறும் இல்லை. அட்டையில் நான் எழுதியது வேறு ஒன்றை. அன்று முதல் முன்னேற்ற அட்டையில் நான் போட்டித் தரவரிசையைத் தவிர வேறொன்றை எழுதியதில்லை.

அடர் தரவரிசை அட்டையில் ஏறும்போது நேரும் இன்னொரு மயக்கமும் இதோடு சேர்ந்தது. 25 மதிப்பெண்ணுக்கு ஒரு அலகுத் தேர்வு வைத்து, 36 பிள்ளைகளும் 11-க்கும் 25-க்கும் இடையில் எடுத்தால், முழு எண்களாக மொத்தம் 15 படிகளுக்கு மேல் வர வழியே இல்லை. வகுப்பிலேயே மிகக் குறைவாக எடுத்த பிள்ளையின் அட்டையில் மிஞ்சினால் 15-ஆம் ரேங்க் என்று இருக்கும். தந்தை அதைப் பார்த்துவிட்டு, 36 பேரில் 15, நடுவாந்தரத்துக்கும் சற்று மேலே இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்துவிடுவார். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவி கிடைக்காமல் போகும். அதே காரணத்தால் அ பிரிவின் பத்தாம் ரேங்கையும் ஆ பிரிவின் பத்தாம் ரேங்கையும் அடர் முறையில் ஒப்பிடவே கூடாது. ஒரு பிரிவில் மதிப்பெண்கள் நெருங்கியும் இன்னொன்றில் பரவலாகவும் இருந்தால், ஒரு பத்துக்கு முன்னால் ஒன்பது பேரும் மற்றப் பத்துக்கு முன்னால் இருபது பேரும் இருக்கக்கூடும்.

அப்படியானால் பழைய ரெஜிஸ்டரில் எழுதிய பெரியவர்கள் தெரியாமல் எழுதினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நம் மாநிலமே நெடுங்காலம் அந்த வழக்கத்தில்தான் இருந்தது. 2015-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 500-க்கு 499 எடுத்து 41 பேர் மாநிலத்தில் முதலிடம் என்றும், 498 எடுத்த 192 பேர் இரண்டாம் இடம் என்றும், 497 எடுத்த 540 பேர் மூன்றாம் இடம் என்றும் அறிவித்தார்கள். முதல் மூன்று இடங்களில் மொத்தம் 773 பிள்ளைகள். ஆட்களை எண்ணியிருந்தால் 498 எடுத்தவர் 42-ஆம் இடத்திலும், 497 எடுத்தவர் 234-ஆம் இடத்திலும் இருந்திருப்பார்கள். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இரண்டே மதிப்பெண் குறைந்த பிள்ளையை 234-ஆவது என்று அழைப்பது, கணக்குப்படி சரியாக இருந்தாலும், அந்தப் பிள்ளையின் தேர்ச்சியைச் சரியாகக் காட்டாது. மதிப்பெண்கள் உச்சியில் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் போட்டித் தரவரிசை ஒரு மதிப்பெண் வேறுபாட்டைப் பூதாகாரமாக்கிவிடும். அடர் தரவரிசை அதை ஒரு படி என்ற அளவிலேயே நிறுத்தும். பாராட்டுவதற்கும் பரிசு தருவதற்கும் அடர் முறையை நம்மவர்கள் விரும்பியதன் நியாயம் இதுதான். 2017-ல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது என்றாலும், பள்ளிகளின் ரெஜிஸ்டரிலும் ஆண்டு விழா மேடையிலும் அந்த வழக்கம் நிலைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் கோப்பைக்கு வருகிறேன். ஆட்களை எண்ணினால் காந்திமதி, இசக்கியம்மாள், சுடலைமுத்து என்று மூவருக்குக் கோப்பை. மூன்றாம் ரேங்க் என்று ஒருவரும் இல்லை. படிகளை எண்ணினால் ஆறுமுகத்தையும் சேர்த்து நால்வருக்கு. பள்ளியில் இத்தனை ஆண்டும் படிகளை எண்ணிக் கோப்பை தந்திருக்கிறார்கள் என்றால், ஆண்டின் நடுவில் முறையை மாற்றி ஆறுமுகத்தின் கையிலிருந்து கோப்பையைப் பறிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நான்காவது கோப்பைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஆனால் அந்தக் கோப்பையில் "மூன்றாம் ரேங்க்" என்று பொறிக்காமல் "மூன்றாவது உயர்ந்த மதிப்பெண்" என்று பொறித்துவிடுங்கள். அட்டையில் "ரேங்க் 4, வகுப்பில் 36 பேர்" என்று எழுதுங்கள். இரண்டு வாசகங்களும் ஒன்றுக்கொன்று முரண்படாது, ஒவ்வொன்றும் தான் சொல்வதைச் சரியாகச் சொல்லும்.

இத்தனை பேருக்குத்தான் இடம் என்று வரையறுத்திருக்கும்போது மட்டும் அடர் தரவரிசையை எடுக்கக் கூடாது. மாவட்ட அளவிலான ஒரு பயிற்சிக்குப் பள்ளியிலிருந்து முதல் ஐந்து பேரை அனுப்பச் சொன்னால், அடர் ரேங்க் ஐந்துக்குள் என்று வடிகட்டினால் மேலே உள்ள எட்டுப் பேரும் வந்துவிடுவார்கள். போட்டி ரேங்க் ஐந்துக்குள் என்று வடிகட்டினால் ஏழு பேர் வருவார்கள். அந்த இரண்டு கூடுதலும் ஐந்தாம் இடத்தில் மூவர் சமமாக நிற்பதால் வந்தவை. போட்டித் தரவரிசையில் எல்லைக்கோட்டில் நிற்கும் சமநிலை மட்டுமே எண்ணிக்கையைக் கூட்டும். அடர் தரவரிசையில் மேலே எங்கே சமநிலை வந்தாலும் அது கூடிக்கொண்டே போகும்.

இனி எக்செல். 36 பிள்ளைகளின் மொத்தம் G2 முதல் G37 வரை இருப்பதாக வைத்துக்கொண்டால், போட்டித் தரவரிசைக்கு நீங்கள் போட்டிருப்பது பெரும்பாலும் இதுவாக இருக்கும்:

```
=RANK(G2,$G$2:$G$37,0)
```

அடர் தரவரிசைக்கு எக்செல்லில் தனியாக ஒரு சார்பு இல்லை. அதனால் பலரும் கைமாற்றிக்கொள்ளும் சூத்திரம் இது:

```
=SUMPRODUCT(($G$2:$G$37>G2)/COUNTIF($G$2:$G$37,$G$2:$G$37))+1
```

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் செல்வியை வைத்துப் பாருங்கள். அவளுக்கு மேலே உள்ள ஒவ்வொருவரும், தம்மோடு சமமாக நிற்பவர் எத்தனை பேரோ அத்தனையில் ஒரு பங்காக எண்ணப்படுகிறார்கள். காந்திமதி தனியாள், ஆகவே ஒன்று. 487 எடுத்த இருவரும் ஆளுக்கு அரையாகச் சேர்ந்து ஒன்று. ஆறுமுகம் ஒன்று. 479 எடுத்த மூவரும் மூன்றில் ஒரு பங்காகச் சேர்ந்து ஒன்று. மொத்தம் நான்கு, அதோடு ஒன்றைக் கூட்ட ஐந்து. ஆட்கள் படிகளாக மாறுவது இந்த வகுத்தலில்தான்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு குழி இருக்கிறது. தேர்வுக்கு வராத பிள்ளையின் மொத்தக் கட்டத்தில் நாம் AB என்று தட்டச்சு செய்வது வழக்கம். எக்செல் ஒப்பிடும்போது எழுத்து எதையும் எண் எதையும்விடப் பெரியதாகவே கொள்ளும். ஆகவே AB என்பது 491-ஐவிடப் பெரிது என்று எண்ணப்பட்டு, வராத பிள்ளை எல்லோருக்கும் மேலே ஒரு படியில் உட்கார்ந்துவிடுவார். எத்தனை பேர் வராமல் இருந்தாலும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே படி ஆவதால், வகுப்பு முழுவதும் சரியாக ஒரு ரேங்க் இறங்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது: ஒன்று என்ற எண் AB உள்ள வரிசையில் மட்டும் இருக்கும், காந்திமதிக்கு இரண்டு என்று வந்திருக்கும். RANK எழுத்துக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காது என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. AB உள்ள வரிசையில் மட்டும் பிழைக்குறி காட்டும். இன்னொரு பக்கம், மொத்தக் கட்டம் ஒன்று காலியாக இருந்தால் மேலே உள்ள அடர் சூத்திரம் பூஜ்யத்தால் வகுக்க முயன்று எல்லா வரிசையிலும் பிழை காட்டும். இரண்டையும் இப்படித் தடுக்கலாம்:

```
=IF(ISNUMBER(G2),SUMPRODUCT(ISNUMBER($G$2:$G$37)*($G$2:$G$37>G2)
 /COUNTIF($G$2:$G$37,$G$2:$G$37&""))+1,"-")
```

மற்றொரு பழக்கத்தை நான் இன்றும் பல பள்ளிகளில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. மொத்தத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டு, பக்கத்துக் கட்டங்களில் 1, 2, 3 என்று இழுத்து நிரப்பிவிடுவார்கள். சமநிலை என்ற ஒன்றே அதில் தெரியாது. நம் வருகைப் பதிவேடுகளில் பெரும்பாலும் பையன்கள் பெயர் முதலிலும் பெண்பிள்ளைகள் பெயர் அதற்குப் பின்னும் எழுதப்படும். எக்செல் அடுக்கும்போது சம மதிப்பெண் உள்ளவர்களின் பழைய வரிசையைக் கலைக்காது. விளைவு, 487 எடுத்த சுடலைமுத்து இரண்டாகவும் அதே 487 எடுத்த இசக்கியம்மாள் மூன்றாகவும் அட்டையில் ஏறுவார்கள். ஒவ்வொரு தேர்விலும், ஒவ்வொரு சமநிலையிலும், பெண்பிள்ளையே ஒரு எண் கீழே போவாள். ஆசிரியர் யாரும் அப்படி நினைத்துச் செய்வதில்லை, பதிவேட்டின் வரிசை செய்துவிடுகிறது. உங்கள் பழைய பட்டியல்களில் ஒரே மொத்தத்துக்கு இரண்டு வெவ்வேறு ரேங்க் எங்காவது தெரிந்தால், இழுத்து நிரப்பிய பட்டியல் அது என்று கொள்ளலாம்.

ஒரே மொத்தத்துக்கு இரண்டு ரேங்க் வர வேறொரு காரணமும் உண்டு. அலகுத் தேர்வுக்கு இத்தனை விழுக்காடு, அரையாண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று சேர்க்கும்போது தசமம் வரும். ஒருவருக்கு 81.34, இன்னொருவருக்கு 81.26 என்றிருக்க, கட்டத்தில் ஒரு தசமம் மட்டும் காட்டும்படி வைத்திருந்தால் இருவருக்கும் 81.3 என்றே திரையிலும் அட்டையிலும் தெரியும். RANK மறைந்திருக்கும் எண்ணைப் பார்த்து அவர்களைப் பிரித்துவிடும். அட்டையில் எந்த எண்ணை அச்சிடுகிறீர்களோ அந்த எண்ணுக்கே ரேங்க் போட வேண்டும். ஆகவே மொத்தக் கட்டத்திலேயே ROUND போட்டுச் சுருக்கிவிட்டுப் பிறகு ரேங்குக்குப் போங்கள்.

ஒரு பாடத்தில் 35-க்குக் கீழே எடுத்தவர்களுக்கு ரேங்க் தருவதில்லை என்ற வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அவர்களை எண்ணிக்கையிலிருந்தும் விலக்க வேண்டும். கணக்கில் 30 எடுத்து மொத்தத்தில் 360 வைத்திருக்கும் பிள்ளையின் ரேங்க் கட்டத்தை மட்டும் அழித்தால் போதாது; 350 எடுத்துத் தேர்ச்சி பெற்றவளுக்கு முன்னால் அவன் அப்போதும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பான். சமநிலை எதுவும் இல்லாமலே ஒரு எண் பட்டியலில் காணாமல் போயிருந்தால் காரணம் இதுதான். H கட்டத்தில் தேர்ச்சி பெற்றவருக்கு P என்று குறித்திருந்தால் இது போதும்:

```
=IF(H2="P",COUNTIFS($G$2:$G$37,">"&G2,$H$2:$H$37,"P")+1,"-")
```

சமநிலையை உடைத்தே ஆக வேண்டிய தருணமும் வரும். ஒரே ஒரு இடம், இரண்டு பேர் சமம். நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். அவற்றுக்குப் பின்னும் பிரியாவிட்டால் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்கும் விதி உண்டு. அந்த விதியை விண்ணப்பிக்கும்போதே எவரும் படித்துக்கொள்ளலாம். பள்ளியிலும் அப்படியே, எந்தப் பாடத்தின் மதிப்பெண்ணை முதலில் பார்ப்பீர்கள் என்பதைத் தேர்வுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், பின்னால் எவரும் உங்களைச் சந்தேகப்பட இடமிருக்காது. ஆனால் அந்த விதி அந்த ஒரு இடத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவை அட்டைக்குக் கொண்டுவந்து, 487 எடுத்த இருவரில் ஒருவரை மூன்று என்று எழுதிவிட வேண்டாம்.

இந்த வாரமே தலைமையாசிரியரிடம் கேட்டு, ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்: அட்டையில் எழுதும் ரேங்க், முன்னால் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது; கோப்பை, முதல் மூன்று உயர்ந்த மதிப்பெண்களுக்கு, அந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் எடுத்தாலும். ஆறுமுகத்தின் தகப்பனார் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையில் ஏன் நான்கு என்று வந்து கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.